"கலெக்டர் சாருக்கு வாழ்த்துகள்": திரும்ப எழுத வேண்டி வந்த ஒரு வாழ்த்துப் பதிவு

பினாங்கின் பிறையில் எங்கள் கூட்டாளி ஒருவன் பி.டி.டி., அதாவது நிர்வாக, அரசதந்திர அதிகாரி, வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மலேசியப் பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.ஏ., நடத்துகிற தேர்வுகளில் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக எழுதுவது இது. அரசாங்க நிர்வாகத்தின் மேல்தட்டுக்குப் போகும் வாசல் இதுதான் என்பதால் போட்டியும் அப்படித்தான் இருக்கும். முடிவு வந்த அன்று இரவே எங்களில் ஒருவர் முகநூலில் ஒரு வாழ்த்துப் போட்டார். நல்ல மனசோடு போட்டதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் மாலைக்குள் அதை எடுக்க வேண்டி வந்தது. ஏன் எடுத்தோம், அதற்குப் பதிலாக என்ன எழுதினோம் என்பதை விவரமாகச் சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் கூட்டாளி யாராவது தேறினால் உதவும்.

முதல் பதிவு இது:

"வாழ்த்துகள் கலெக்டர் சாரே! எங்கள் பிறை மண்ணின் மைந்தன், நாட்டின் மிகப் பெரிய அரசாங்கத் தேர்வில் முதல் முயற்சியிலேயே வென்று பி.டி.டி. அதிகாரி ஆகிவிட்டான்! கேபிள் இல்லாமல், யார் காலிலும் விழாமல், சொந்த உழைப்பில்! நம்மவர்களுக்கு அரசாங்க வேலை கிடைக்காது என்று சொன்ன எல்லார் முகத்திலும் கரி! தொழிற்சாலைக்கு டாட்டா, புத்ராஜெயாவுக்கு வணக்கம்!"

கீழே இரண்டு படம். ஒன்றில் அவன் முகம், மற்றது எஸ்.பி.ஏ. இணையப் பக்கத்தில் முடிவு பார்த்த திரையை அப்படியே பிடித்துப் போட்டது.

முதலில் "அதிகாரி ஆகிவிட்டான்" என்பதைப் பார்ப்போம், மற்ற தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்பின. பி.டி.டி.யில் எழுத்துத் தேர்வு என்பது முதல் வடிகட்டல் மட்டும்தான். பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், ஆங்கிலம், அப்புறம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை என்று போகும் அது. அதில் தேறியவர்களைப் பேக் என்று சொல்லும் மதிப்பீட்டு முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே குழுவாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும், எழுந்து நின்று பேச வேண்டும், உடல் தகுதியையும் பார்ப்பார்கள். அதையும் தாண்டினால்தான் எஸ்.பி.ஏ. நேர்முகம். நேர்முகத்திலும் தேறினால் மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை, இந்தான் என்ற அரசாங்கப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி. நியமனம் கிடைத்த பிறகும் பணி உறுதியாவதற்கு ஓர் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை தகுதிகாண் காலம் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வளவில் நம் ஆள் தாண்டியிருப்பது முதல் படி. அது சின்ன விஷயம் இல்லை, பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனாலும் அவன் இன்னும் அதிகாரி இல்லை.

ஒரு மகிழ்ச்சிக்குச் சொன்னதுதானே, இதில் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். முழுகியதைச் சொல்கிறேன். அவன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளன், ஐந்து வருஷத்துக்கு மேல் அங்கேதான் இருக்கிறான். வேலை மாறும் யோசனை இருப்பதாக அங்கே யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. பதிவு போட்டவர் அன்பு மிகுதியில் அவனை டேக் செய்துவிட்டார். காலையில் அவனுக்கு மேலே இருப்பவர் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டேதான், "எப்ப கிளம்புற?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாரம் ஒரு புதிய அணியின் பொறுப்பு யாருக்கு என்று முடிவாக வேண்டியிருந்தது. அது இவனுக்கு வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வேறொருவருக்குப் போய்விட்டது. பதிவினால்தான் போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் "தொழிற்சாலைக்கு டாட்டா" என்று ஊரறிய எழுதப்பட்ட ஒருவனிடம் யார் புதிய பொறுப்பைக் கொடுப்பார்கள்?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவர் விலக எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த எட்டு வாரத்தை எப்போது தொடங்குவது என்பது முழுக்க அவன் கையில் இருக்க வேண்டிய சங்கதி. நியமனக் கடிதம் கையில் வருவதற்கு முன்னே அவனுக்காக நாம் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுப் பக்கம் வேறு கூத்து. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அவன் அத்தை அம்மாவுக்குப் போன் போட்டு, பையன் மாவட்ட அதிகாரி ஆயிட்டானாமே, எந்த மாவட்டம் என்று கேட்டிருக்கிறார். அம்மா பாவம், தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் என்று வேண்டியிருந்தார். வேலை கிடைத்தால் எடுப்பதாக வேண்டியதை இப்போதே எடுக்கலாமா, நேர்முகம் முடியட்டுமா என்று அவருக்கே குழப்பம். கல்யாணத் தரகர் ஒருவரும் வந்துவிட்டார், அது தனிக் கதை.

"கலெக்டர்" எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இந்த மாதிரித் தேர்வுகளுக்கு வரும் வாழ்த்துகளைப் பார்த்துப் பார்த்து நமக்கும் அந்த வாய் வந்துவிட்டது. அங்கே தரவரிசைப் பட்டியல் வரும், எத்தனையாவது இடம் என்று சொல்லி வாழ்த்தலாம். இங்கே எஸ்.பி.ஏ. அப்படி ஒரு பட்டியல் போடுவதில்லை. ஆகவே "முதலிடம்", "சாதனை மதிப்பெண்" போன்ற சரக்கெல்லாம் இங்கே செல்லாது. எங்கள் பதிவில் அவை இல்லை, ஆனால் கீழே ஒருவர் "நாட்டிலேயே முதல் மாணவர்" என்று எழுதி, அதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். மாவட்ட அதிகாரி பதவிக்குப் பி.டி.டி.யிலிருந்து போவது உண்மைதான், பினாங்கிலும் அது நடக்கிறது. ஆனால் புதிதாகச் சேருபவர் அமைச்சிலோ துறையிலோ ஒரு மேசையில் உதவி இயக்குநராகக் கோப்பு பார்த்துத்தான் தொடங்குவார். கிரேடும் அதற்குத் தகுந்ததுதான்: முன்பு எம்41, 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறை வந்த பிறகு எம்9.

அடுத்து "முதல் முயற்சியிலேயே". இது உண்மையே இல்லை. அவன் ஏற்கெனவே எழுதித் தேறாமல் போனவன். பதிவு போட்டவருக்கு அது தெரியாது. தேர்வில் தோற்றதை யாரும் தம்பட்டம் அடித்துச் சொல்வதில்லையே. ஆனால் அவனோடு முன்பு சேர்ந்து எழுதிய இரண்டு பேர் நட்பு வட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் எழுதவில்லை, வாழ்த்தும் போடவில்லை. பொய் சொன்னது அவன் என்று அவர்கள் நினைத்தால், அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

"கேபிள் இல்லாமல்", அதாவது உள்ளே ஆள் பிடிக்காமல், என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ஒருவன் சொந்தமாகத் தேறினான் என்று சொல்வதற்காக, ஏற்கெனவே உள்ளே இருக்கிற மற்ற எல்லாரும் ஆள் பிடித்துத்தான் போனார்கள் என்கிற வாடை அடிக்கும்படி எழுதினால், நாளை அவன் போய் உட்காரப் போவது அவர்கள் பக்கத்து மேசையில்தானே? அது மட்டுமில்லை, அந்த வரியைப் பார்த்ததுமே கீழே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன: "உண்மையச் சொல்லுங்கண்ணே, யாரைப் பாத்தீங்க?" ஒருவர் தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாகவும், வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்தால் ஏற்பாடு செய்வதாகவும் அங்கேயே எழுதிவிட்டார். எஸ்.பி.ஏ.வில் பதிவு செய்யப் பணம் கிடையாது, ஏஜெண்டும் கிடையாது. நம் வாழ்த்தின் கீழேயே ஒரு மோசடிக்காரன் கடை விரித்துவிட்டான்.

"முகத்தில் கரி" பற்றியும் கேட்பீர்கள். அரசாங்கச் சேவையில் நம்மவர்கள் குறைவு என்கிற ஆதங்கம் உண்மையானது, அதைப் பேச வேண்டியதுதான், நானே பேசுவேன். ஆனால் அந்த வாரம், அவன் படத்துக்கு மேலே வேண்டாம். காரணம் நடைமுறையானது. பி.டி.டி. அதிகாரிகளுக்குப் பொருந்துகிற 1993ஆம் ஆண்டின் நடத்தை, ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. அரசாங்கக் கொள்கை பற்றிப் பொதுவில் அறிக்கை விடுவதற்கும், கட்சி அரசியலில் இறங்குவதற்கும் அவை தடை போடுகின்றன. அவை பணியில் சேர்ந்த பிறகுதான் அவனைக் கட்டும். ஆனால் பதிவு அப்போதும் அங்கேயே கிடக்கும். மதியத்துக்குள் இரண்டு கட்சிக்காரர்கள் கீழே வந்து, எங்கள் ஆட்சியில்தான் நடந்தது, இல்லை எங்கள் போராட்டத்தால்தான் நடந்தது என்று மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் தன் தலைவர் படத்தோடு நம் ஆள் படத்தை ஒட்டி வேறொரு பக்கத்தில் போட்டே விட்டார். தேர்வு எழுதியவனை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இனி அந்த முடிவுத் திரையின் படம். எஸ்.பி.ஏ. முடிவை ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் எண் போட்டுத்தான் பார்க்க வேண்டும், அந்த எண்ணும் பெயரும் படத்தில் இருந்தன. பதிவு போட்டவர் அசட்டை இல்லை, எண்ணின் மேல் கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகக் கோடு போட்டிருந்தார். அந்தப் பேனா பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி எழுதும். படத்தைச் சேமித்து வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். எண்கள் மங்கலாக ஆனால் நன்றாகவே வாசிக்கிற மாதிரி மேலே வந்தன.

சரி, கடைசி நான்கு எண்ணை மட்டும் நன்றாக மறைத்துவிட்டால் போதுமா? நம் ஐ.சி. எண்ணில் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அது அவன் முகநூலில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வரும் வாழ்த்திலேயே இருக்கிறது. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07, அதை "பிறை மண்ணின் மைந்தன்" என்று பதிவே சொல்லிவிட்டது. மீதி நான்கு. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, முகம், முழுப் பெயர், வேலை செய்யும் இடம், எந்தத் தேர்வு எழுதியிருக்கிறான், அதோடு ஐ.சி. எண்ணின் பெரும்பகுதி எல்லாம் ஒரே இடத்தில். "எஸ்.பி.ஏ.விலிருந்து பேசுகிறோம், உங்கள் நியமனத்துக்குப் பதிவுக் கட்டணம்" என்று ஒரு போன் வந்தால், அடுத்த கடிதத்துக்காகத் தவமிருக்கிறவன் நம்பிவிட மாட்டானா? முடிவுத் திரையை மறைத்துப் போடலாமா என்று கேட்டால், போடவே வேண்டாம் என்பேன். தேறினான் என்று நண்பன் சொன்னால் நம்ப மறுப்பவர்களுக்காக எதற்கு ஆதாரம்?

மாலையில் அவன் வந்து எங்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்தான். கோபம் இல்லை, சோர்ந்திருந்தான். "மச்சான், போட்டது தப்புன்னு சொல்லல. பேக்ல அடிபட்டேன்னா அப்ப என்ன போடுவீங்க, அதை யோசிச்சீங்களா?" என்றான். பதிவு போட்டவர் ஒரு வார்த்தை பேசாமல் கைபேசியை எடுத்து நீக்கிவிட்டார். அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், புதிதாக எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, போடுவதற்கு முன்னே அவனிடம் காட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததுதான்.

எழுதுவதற்கு முன்னே அவனிடம் மூன்று விஷயம் கேட்டேன். எந்தப் படி வரை வெளியே சொல்லலாம்? முன்பு தேறாததைச் சொல்லலாமா? யார் பெயரைச் சொல்ல வேண்டும், யாரைச் சொல்லக் கூடாது? முதல் கேள்விக்கு, எழுத்துத் தேர்வு என்று மட்டும் சொல், தொழிற்சாலைப் பேச்சே வேண்டாம் என்றான். இரண்டாவதற்கு அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை: "அதைச் சொல்லுடா. போன தடவை ஆங்கிலக் கட்டுரையை முடிக்க நேரமே பத்தலன்னு சொல்லு. தம்பிங்க யாராவது அதே இடத்துல மாட்டிக்கிட்டு இருப்பானுங்க." மூன்றாவதற்கு, அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியையைச் சொல்ல வேண்டும் என்றான். வார இறுதியில் ஒரு நாள் மட்டும் போய்வந்த டியூஷன் மையத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

அந்த ஆசிரியை விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். தேர்வு கணினியில் எழுதுவது என்பதால், அவன் தொழிற்சாலை கேன்டீனில் ஷிப்ட் இடைவேளையில் கைபேசியில் அலாரம் வைத்து மலாய்க் கட்டுரை தட்டச்சு செய்வானாம். அதை அச்செடுத்து ஆசிரியை வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போவான். அவர் சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் ஒரே ஒரு வரி மலாயில் எழுதித் திருப்பி வைப்பார். ஒரு தாளைக் காட்டினான். முதல் பத்தி முழுக்கச் சுழித்து, ஓரத்தில் "இதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள்" என்கிற பொருளில் எழுதியிருந்தார். பேச்சு மலாய் நமக்கெல்லாம் வாயில் புரளும், தேர்வுத்தாள் கேட்கிற அரசாங்க மலாய் வேறு. "தக்", "ந்தா" என்று பழகிய கை முழு வாக்கியம் எழுதத் திணறும். அவனைத் தேற வைத்தது அந்தச் சிவப்பு மைதான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது பதிவு:

"எங்கள் கூட்டாளி பி.டி.டி. எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறான். வாழ்த்துகள்டா மச்சான். போன தடவை ஆங்கிலக் கட்டுரையில் நேரம் போதாமல் விட்டவன், இந்த முறை அலாரம் வைத்துப் பழகி முடித்திருக்கிறான். மலாய்க் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்த பக்கத்து வீட்டு ஆசிரியைக்கு எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி. இன்னும் மதிப்பீட்டு முகாமும் நேர்முகமும் இருக்கின்றன, அதனால் 'எப்போது சேருகிறாய்' என்று இப்போது கேட்க வேண்டாம். தேர்வு பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் அவனுக்குத் தனியாக எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்வான். எஸ்.பி.ஏ. பதிவுக்குப் பணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்."

படம் ஒன்றும் போடவில்லை. அவனை டேக் செய்யவும் இல்லை. யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

விருப்பக்குறிகள் முந்தையதைவிடக் கம்மிதான், அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. அவனோடு முன்பு எழுதியவர்களில் ஒருவர், தானும் ஆங்கிலக் கட்டுரையில்தான் மாட்டியதாகவும், அடுத்த முறை சேர்ந்து பழகலாமா என்றும் கேட்டிருந்தார். நிபோங் திபாலில் ஒரு தங்கை, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட் இல்லை, பட்டம் இருந்தால் போதுமா என்று கேட்டார். போதாது, அரசாங்க நியமனத்துக்கு அந்தக் கிரெடிட் வேண்டும், திரும்ப எழுதலாம் என்று அவனே பதில் சொன்னான். ஆசிரியைக்கு யாரோ பதிவை மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் நேர்முகத்துக்குத் தயார் செய்வதாகச் சொல்லி, ஒரு நாள் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மலாயில் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டாராம்.

இந்த வாழ்த்திலும் குறை சொல்கிறவர்கள் இருந்தார்கள். "வாழ்த்துன்னா கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா, இது என்ன சுற்றறிக்கை மாதிரி?" என்று பதிவு போட்ட அந்த நண்பரே கேட்டார். நியாயம்தான், கடைசி இரண்டு வரி அறிவிப்புப் பலகை வாசனை அடிக்கிறது. அவற்றைப் பதிவிலிருந்து எடுத்து முதல் பதிலாகப் போட்டிருக்கலாம். கெத்து வேண்டும் என்றால் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காட்டிக்கொள்ளலாம், அங்கே அவனைக் கலெக்டர், பிரதமர், எது வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிடுகிறோம்.

டியூஷன் மையக் கதை பாக்கி. முதல் பதிவிலிருந்த அவன் படத்தை எடுத்து, "எங்கள் மையத்தில் பயின்று வென்ற பினாங்கு மாணவர்" என்று அவர்கள் விளம்பரம் செய்துவிட்டார்கள். பதிவை நீக்கியதால் இது நிற்கவில்லை, படம் ஏற்கெனவே அவர்கள் கையில். அவனே போன் செய்து மரியாதையாகச் சொன்னான்: ஒரு நாள் வந்தேன், கட்டணம் கொடுத்தேன், அதற்கு நன்றி, ஆனால் என் படம் வேண்டாம். ஐந்தாறு நாள் இழுத்தடித்து முகத்தை மட்டும் நீக்கினார்கள், வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். பேக் முகாமுக்கான அழைப்பு வந்ததும் எங்கள் குழுவில் மட்டும் சொன்னான். அதன் முடிவு எதுவானாலும் வெளியே ஒன்றும் போடுவதில்லை, நியமனக் கடிதம் வந்து, தொழிற்சாலையில் முன்னறிவிப்பும் கொடுத்த பிறகுதான் அடுத்த பதிவு என்று பேசி வைத்திருக்கிறோம். அதை எழுதும் வாய்ப்பு முதல் பதிவு போட்டவருடையது, இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்.